வரைபடத்தில் இருக்கும் கடை வீதியில் இருக்கிறதா?

மும்பையை விட்டு ஊருக்குத் திரும்பும் தமிழ்க் குடும்பங்கள், வீட்டுச் சாமான்களை ஏற்றி அனுப்பும் நிறுவனத்தை இப்போது கைபேசியில் கூகுள் வரைபடத்தில்தான் தேடுகின்றன. பல பெயர்கள் வருகின்றன. அவற்றில் சில, கடையே இல்லாத கடைகள். முன்பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவோர் உண்டு. சாமான் லாரியில் ஏறிய பிறகு, பேசியதைவிட அதிகம் கொடுத்தால்தான் இறக்குவோம் என்று மிரட்டுவோரும் உண்டு. விலாசத்தைத் தேடிப் போனால் அங்கே வேறு யாரோ கடை வைத்திருப்பார்கள்.

வரைபடத்தில் பெயர் இருப்பது அரசாங்கம் அளித்த சான்று அல்ல. தொழில் நடத்துவதாகச் சொல்லி எவரும் பதிவு கோரலாம். கூகுளின் பரிசோதனையையும் மீறிப் பொய் விலாசங்கள் நுழைந்துவிடுகின்றன. ஆகவே சோதிக்கும் பொறுப்பு பணம் கொடுப்பவரையே சேர்கிறது.

உதாரணமாக, ஒரு நிறுவனம் கிழக்கு மாதுங்காவில் இருப்பதாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அஞ்சல் குறியீட்டைப் பார்க்க வேண்டும். மாதுங்காவுக்கு 400019, விலாசத்தில் 400017 என்றிருந்தால் அது தாராவியின் எண். இது கைப்பிழையாகவும் இருக்கலாம். ஆனால் சந்தேகத்துக்கு இடம் தருகிறது. கதவு எண்ணோ கட்டிடப் பெயரோ இல்லாமல், 'ஸ்டேஷன் அருகில்' என்று மட்டும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

அடுத்து, நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்க வேண்டும். அது 15 இலக்கம் கொண்டது. மகாராஷ்டிரத்தில் பெற்றதானால் 27 என்று தொடங்கும். services.gst.gov.in தளத்தில் Search Taxpayer என்னும் பகுதியில் அந்த எண்ணை இட்டால், பதிவு பெற்ற பெயரும், தொழில் நடக்கும் இடமும், பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் கட்டணமின்றித் தெரியும். அவை வரைபடத்தில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. சிறிய தொழில் செய்வோர் இந்த எண் இல்லாமலே நேர்மையாக நடத்தலாம். மோசடிக்காரரோ இன்னொருவரின் எண்ணைத் தமதென்று கொடுக்கலாம். எனவே முன்பணம் அனுப்புமுன் கைபேசியில் தோன்றும் பெறுநர் பெயரையும் கவனிக்க வேண்டும். நிறுவனத்தின் பெயருக்குப் பதில் சம்பந்தமில்லாத தனிநபர் பெயர் வந்தால், அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

எல்லாவற்றிலும் உறுதியான சோதனை, நேரில் போய்ப் பார்ப்பதே. லோக்கல் ரயிலில் மாதுங்காவுக்குப் போய்வரும் செலவு, ஒரு குடும்பத்தின் பாத்திரம் பண்டம் முழுவதையும் பணயம் வைப்பதைவிட எவ்வளவோ குறைவு. கடை இல்லையென்று கண்டால், வரைபடத்தில் Suggest an edit மூலம் அதைத் தெரிவிக்கலாம். பணம் போயிருந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும்.

பெயர்ப் பலகையே இல்லாத கடைக்கு வரைபடத்தில் இடம் கொடுத்து, அதனருகே விளம்பரமும் வெளியிட்டு வருவாய் பெறும் நிறுவனம், விலாசத்தைத் தானே சரிபார்த்திருக்க வேண்டாமா? அதைக் கட்டாயமாக்க மத்திய அரசு முன்வர வேண்டும்.