அறை கேட்ட மின்னஞ்சல்

நம் வாசகி ஒருவர் சென்னையில் திரைப்படக் கல்வியின் கடைசி ஆண்டில் இருக்கிறார். மூன்றரை நிமிட அனிமேஷன் குறும்படம் ஒன்றுக்கு உதவி கேட்டு நான்கு சின்ன ஸ்டூடியோக்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஒரு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை. அந்தக் கடிதத்தை நமக்கு அனுப்பி, இதில் என்ன குறை என்று கேட்டிருந்தார். அவருடைய சம்மதத்தோடு அதைப் பற்றி இந்த இதழில் பேசுகிறோம்.

படம் வேதாரண்யம் உப்பளத்தில் நாற்பது வருஷம் உப்பு வாரிய அவருடைய அம்மாச்சியைப் பற்றியது. பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயிலைப் பார்த்துப் பார்த்து அம்மாச்சிக்குப் பார்வை மங்கிவிட்டது. இப்போது வீட்டுக்குள் எதைப் பார்த்தாலும் அவருக்கு வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. இதைக் கறுப்புப் பலகையின் மேல் உப்பைப் பரப்பி, விரலாலும் தூரிகையாலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நகர்த்தும் ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்துச் செய்ய வேண்டும் என்பது பேத்தியின் எண்ணம்.

இந்த வழிக்கு முன்னோடி உண்டு. அமெரிக்காவின் கரோலின் லீஃப் 1960களின் கடைசியில் ஹார்வர்டில் மாணவியாக இருந்தபோது மணலை வைத்துத் தன் முதல் படத்தைச் செய்தார். 1972இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்குப் போனார். வாத்தை மணந்த ஆந்தையைப் பற்றி 1974இல் அங்கே அவர் எடுத்த படமும் மணலில் ஆனதுதான். மணல் வெளிச்சத்தை மறைக்கும் என்பதால் கண்ணாடிக்கு அடியில் விளக்கை வைப்பார்கள். உப்புக்கு அது ஒத்துவராது. உப்புக்கல்லுக்குள் வெளிச்சம் புகுந்துவிடுவதால் அழுத்தமான நிழல் விழாது. அதனால்தான் இவர் கறுப்புப் பலகையையும் பக்கவாட்டு விளக்கையும் தேர்ந்தெடுத்தார். யோசித்துச் செய்த முடிவு இது. ஆனால் அவருடைய கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஏறக்குறைய தொள்ளாயிரம் சொற்கள் கொண்ட கடிதம் அது. அம்மாச்சியின் வாழ்க்கை, உழைக்கும் பெண்களின் நிலை, அனிமேஷன் மீதான காதல் எல்லாம் இருந்தன. கடைசி வரியில் ‘தங்கள் மேலான ஆதரவை வேண்டுகிறேன்’ என்று முடித்திருந்தார். எட்டுப் பத்துப் பேர் வேலை செய்யும் ஸ்டூடியோவில் இதை யார் படிப்பார்? விளம்பர வேலையை அனுப்பி முடித்துவிட்டு, இரவில் முதலாளியே கைப்பேசியில் படிப்பார். ஆதரவு என்றால் பணமா, ஆளா, கருவியா, பெயரா? அது தெரியாமல் அவர் ஒப்புக்கொள்ளவும் முடியாது, மறுக்கவும் முடியாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவார். பதில் வராததற்கு அவர்களுடைய அலட்சியம் காரணம் என்று நாம் நினைக்கவில்லை.

சோதனையாக எதையாவது எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டோம். பத்து விநாடி எடுத்திருந்தார். ஆனால் சரியாக வரவில்லை என்று அதை அனுப்பாமல் வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தோம். பாத்தியின் நடுவில் நிற்கும் உருவம் மெல்லக் குனிகிறது. ஆறாவது விநாடியில் வெளிச்சம் துடிக்கத் தொடங்குகிறது. எட்டாவது விநாடியில் உப்பின் ஓரங்கள் மங்கிக் குழைகின்றன.

இரண்டுக்கும் காரணம் உண்டு. விடுதி அறையில் மாலையானதும் மின்னழுத்தம் ஏறி இறங்கியிருக்கிறது. ஓடும் காட்சியில் கண்ணில் படாத அந்த வேறுபாடு, விட்டுவிட்டு எடுத்த படங்களை ஓட்டும்போது துடிப்பாகத் தெரியும். கேமராவைத் தானியங்கி அளவில் விட்டாலும் இதே துடிப்பு வரும். குனிந்து வேலை செய்பவரின் வெள்ளைச் சட்டை பலகையில் வெளிச்சத்தைத் திருப்பி அடித்தாலும் வரும். அவர் கேமராவின் அளவுகளைக் கையால் வைத்துப் பூட்டி, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டுதான் எடுத்திருந்தார். ஆகவே மிஞ்சியது மின்சாரம். ஓரங்கள் குழைந்தது சென்னைக் காற்றின் ஈரத்தால். கல்லுப்பில் தங்கியிருக்கும் மெக்னீசிய உப்புகள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் பிற்பகலுக்குள் உப்பு ஒட்டத் தொடங்கிவிடும். இந்த வகைப் படத்தில் ஒரு படத்தைக் கலைத்துத்தான் அடுத்ததைச் செய்ய முடியும். கெட்டுப்போன இடத்துக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. அந்தக் காட்சியை முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

அவர் மறைத்து வைத்த குறைதான் அவர் கேட்க வேண்டியது என்ன என்பதைச் சொன்னது. அவருக்கு வேண்டியது ஓர் அறை. ஜன்னல் அடைத்து, ஏசி போட்டு, சீரான மின்சாரம் வரும் அறை. சின்ன ஸ்டூடியோக்களில் பொருள்களைப் படம் பிடிக்க அப்படி ஓர் அறை இருக்கும். பல நாள் அது பூட்டியே கிடக்கும்.

எத்தனை நாளைக்கு என்பதையும் கணக்கிட்டோம். விநாடிக்கு 12 படங்கள். பெயர் வரும் பகுதியைக் கழித்தால் எடுக்க வேண்டியது 190 விநாடி, அதாவது 2,280 படங்கள். சோதனையில் ஒரு நாளைக்கு 60 படங்கள், அதாவது ஐந்து விநாடி எடுக்க முடிந்தது. அப்படியானால் 38 நாள். திரும்ப எடுப்பதற்கு 12 நாள் சேர்த்தால் 50. வாரம் ஆறு நாள் என்றால் ஒன்பது வாரம். முதலில் அவர் மனத்தில் இருந்தது ஒரு மாதம். அந்த நம்பிக்கையில் யாராவது அறையைக் கொடுத்திருந்தால், பாதிப் படத்தோடு வெளியே வர நேர்ந்திருக்கும்.

திருத்தி எழுதிய கடிதத்தின் தலைப்பு வரி: ‘உப்பில் செய்யும் மூன்றரை நிமிட அனிமேஷன்: ஒன்பது வாரம் ஓர் அறை வேண்டும்.’ உள்ளே இப்படி எழுதினார்:

‘வணக்கம் ஐயா. பார்வை மங்கிய உப்பளத் தொழிலாளி ஒருவரைப் பற்றிய படம் இது. பத்து விநாடி சோதனையும், முழுப் படத்தையும் கோட்டோவியமாக நேரத்தோடு கோத்த முன்வடிவும் கீழே உள்ள இணைப்பில் இருக்கின்றன. சோதனையில் ஆறாவது விநாடியில் வெளிச்சம் துடிக்கிறது, எட்டாவது விநாடியில் உப்பு ஈரமாகிறது. விடுதி அறையில் இதற்கு மேல் என்னால் முடியவில்லை. உங்கள் படப்பிடிப்பு அறை இரவு எட்டு மணிக்கு மேல் காலியாக இருந்தால் ஒன்பது வாரத்துக்குத் தர இயலுமா? கேமராவும் விளக்குகளும் என்னிடம் உள்ளன. மேசையை மட்டும் இடையில் யாரும் நகர்த்தக் கூடாது. பணமோ ஆளோ கேட்கவில்லை. படத்தின் உரிமை என்னிடம் இருக்கும். உங்கள் ஸ்டூடியோவின் பெயரை நன்றியில் முதலாவதாகப் போடுவேன். அறை தர இயலாவிட்டால் அதையும் ஒரு வரியில் தெரிவித்தால் வேறு இடத்தில் கேட்டுப் பார்ப்பேன்.’

உரிமை பற்றிய வரி வேண்டாமே, கேட்கிற இடத்தில் கறாராக இருப்பதுபோல் ஆகிவிடும் என்று தயங்கினார். இருக்கட்டும் என்றோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர்தான். படத்தை எடுக்க முனைந்து பொறுப்பேற்றவரையே சட்டம் தயாரிப்பாளர் என்கிறது. அறை கொடுத்தவருக்கும் படம் எடுத்தவருக்கும் பின்னால் மனத்தாங்கல் வராமலிருக்க, தொடக்கத்திலேயே எழுத்தில் இருப்பது இருவருக்கும் நல்லது. கல்லூரி விதிகளில் மாணவர் படங்களின் உரிமை பற்றி என்ன இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே படித்துவிட வேண்டும்.

இந்தக் கடிதத்தை இரண்டு ஸ்டூடியோக்களுக்கு அனுப்பினார். ஒன்றிலிருந்து மறுநாளே பதில் வந்தது. அறையைத் தருவதற்கு முன் அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: உப்புத்தூள் எங்கள் கேமராக்களில் படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்? மேசையைச் சுற்றிப் பிளாஸ்டிக் திரை கட்டுவதாகவும், தினமும் ஈரத்துணியால் தரையைத் துடைப்பதாகவும் எழுதினார். மூன்று வாரமாக வேலை நடக்கிறது. நாம் இதை எழுதும்போது 74 விநாடி முடிந்திருக்கிறது.

படத்துக்கு ஒலி இன்னும் கிடைக்கவில்லை. பாத்தியில் பலகை போட்டு உப்பு வாரும் ஓசை, விடியற்காலையில் பேச்சுக்குரல் கலக்காமல், ஐந்து நிமிடம் வேண்டும். வேதாரண்யம், தூத்துக்குடி, மரக்காணம் பக்கம் இருக்கும் வாசகர்கள் பதிவு செய்து தர இயலுமானால் இதழ் முகவரிக்கு எழுதுங்கள்.