இரண்டு லைனையும் செருகினால் கோளாறு

ஒரு லைன் அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று அலுவலகத்துக்கு இரண்டாவது இணைய லைன் வாங்குவார்கள். அது வந்ததும் ஒரு விசித்திரமான புகாரும் வரும். சில தளங்கள் உடனே திறக்கின்றன, சில திறப்பதே இல்லை. திறக்காதது காலையிலும் திறக்காது, மாலையிலும் திறக்காது. இரண்டில் எந்த லைனைப் பிடுங்கினாலும் எல்லாம் சரியாகிவிடும். மறுபடி செருகினால் மறுபடி கோளாறு. இப்படிச் சொன்னார்களானால் நான் முதலில் கேட்பது, ஃபயர்வால் எத்தனை, எங்கே இருக்கின்றன என்பதைத்தான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். அலுவலகத்துக்குச் சொந்த முகவரித் தொகுதி இருக்கிறது, 203.0.113.0/24 என்று வையுங்கள். வாசலில் ‘அ’, ‘ஆ’ என இரண்டு லினக்ஸ் ஃபயர்வால்கள். ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் லைனில் இருக்கிறது. இரண்டும் அதே தொகுதியை பிஜிபி வழியாக வெளியுலகுக்கு அறிவிக்கின்றன. உள்ளிருந்து போவதெல்லாம் ‘அ’ வழியாகப் போகும்படி அமைத்திருக்கிறார்கள்.

203.0.113.40 என்ற கணினி 198.51.100.20 என்ற தளத்தைத் திறக்கிறது. முதல் பாக்கெட்டான SYN ‘அ’ வழியாக வெளியேறுகிறது. ‘அ’ அதைத் தன் இணைப்புப் பட்டியலில் குறித்துக்கொள்கிறது. தளம் SYN-ACK அனுப்புகிறது. அது எந்த வழியாக வரவேண்டும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. அந்தப் பக்கத்து நெட்வொர்க்குகள் தீர்மானிக்கின்றன. அவற்றுக்கு ‘ஆ’வின் நிறுவனம் கிட்டமாகத் தெரிந்தால் பதில் ‘ஆ’வுக்கு வந்து நிற்கும். ‘ஆ’வின் பட்டியலில் அந்த இணைப்பே இல்லை. கேட்காத கேள்விக்கு வந்த பதில் என்று தூக்கிப் போட்டுவிடும். கோயிலில் கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு, மேற்கு வாசலில் டோக்கனை நீட்டிய கதைதான்.

ஒரு தளத்தின் பதில் வரும் வழி பெரும்பாலும் நாள்தோறும் மாறாது. அதனால்தான் திறக்காத தளம் திறக்காமலே இருக்கிறது.

இணையம் போன வழியே திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுத்ததில்லை. ஆய்வாளர் வெர்ன் பேக்ஸன் 1995இன் இறுதியில் அளந்தபோதே, ஏறக்குறைய பாதி அளவீடுகளில் போகும் பாதையும் வரும் பாதையும் குறைந்தது ஒரு நகரத்திலாவது வேறுபட்டன. ரவுட்டருக்கு இதனால் ஒரு கஷ்டமும் இல்லை, அது ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. இரண்டு திசையும் தன் கண்ணில் படும் என்று நம்புவது ஃபயர்வால் மட்டும்தான்.

இங்கே பிங் ஏமாற்றும். பலர் பிங்கை நிலை பார்க்காத தனி விதியில் அனுமதித்திருப்பார்கள். அதனால் பிங் போகும், வரும். “நெட்வொர்க் நல்லாத்தானே சார் இருக்கு” என்பார்கள். உண்மையைப் பார்க்க இரண்டு பெட்டிகளிலும் ஒரே நேரத்தில் இதை ஓடவிட வேண்டும்:

```
tcpdump -ni eth0 'host 198.51.100.20 and tcp port 443'
```

eth0 வெளிப்பக்கக் கார்டு. ‘அ’வில் `Flags [S]` மட்டும் திரும்பத் திரும்பப் போகும், முதலில் ஒரு விநாடி இடைவெளியில், பிறகு இரண்டு, பிறகு நான்கு. ‘ஆ’வில் `Flags [S.]` வந்துகொண்டிருக்கும். ஃபயர்வால் கை வைப்பதற்கு முன்பே tcpdump பாக்கெட்டைப் பார்த்துவிடுவதால், தள்ளுபடியாகப் போவதும் இங்கே தெரிகிறது. ‘ஆ’வின் உள்பக்கக் கார்டில் பார்த்தால் எதுவும் இருக்காது. வேறு சாட்சி வேண்டியதில்லை.

சரிசெய்ய வரும் முதல் யோசனை பிஜிபியைத் திருகுவது. ‘ஆ’ வழி அறிவிப்பில் நம் AS எண்ணையே நாலைந்து முறை சேர்த்துப் பாதையை நீளமாகக் காட்டலாம். கொஞ்சம் உதவும். ஆனால் தூரத்து நெட்வொர்க் தன் சொந்த விருப்பத்தைப் பார்த்த பிறகுதான் நீளத்தைப் பார்க்கும். அதைக் கட்டாயப்படுத்த வழியில்லை.

சின்ன அலுவலகத்துக்கு நேட் எளிது. ‘அ’ வழியாகப் போவதற்கு ‘அ’ நிறுவனம் தந்த முகவரியைப் போட்டு அனுப்பினால் பதில் வேறெங்கும் போக முடியாது. உள்ளே நாமே சர்வர் வைத்திருந்தால் இது போதாது: ‘ஆ’ வழியாக வந்த கேள்விக்கு சர்வரின் பதில் ‘அ’ வழியாகக் கிளம்பி அங்கே செத்துவிழும்.

இரண்டு ஃபயர்வால்களும் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளவும் செய்யலாம். லினக்ஸில் conntrackd, ஓபன்பிஎஸ்டியில் pfsync இருக்கின்றன. ஆனால் பக்கத்து ஊர் சர்வரின் பதில் சில மில்லிவிநாடியில் வந்துவிடும், பட்டியல் போய்ச் சேர்வதற்குள். அதற்காகவே pfsync-இல் `defer` என்றொரு வசதி: அடுத்த பெட்டி குறித்துக்கொண்டதை உறுதி செய்யும்வரை முதல் பாக்கெட்டைச் சற்றே நிறுத்திவைக்கும்.

என் கட்சி வேறு. வாசலில் இரண்டு ரவுட்டர்களை மட்டும் வைத்து, நிலை பார்க்கும் வேலையை அவற்றுக்கு உள்ளே, எல்லாப் பாதையும் கடந்தே தீரவேண்டிய இடத்துக்குத் தள்ளிவிட வேண்டும். அங்கே இரண்டு ஃபயர்வால்கள். ஒன்று ஓடும், மற்றது காத்திருக்கும். இரண்டுக்குப் பணம் கொடுத்து ஒன்றைச் சும்மா வைப்பதா என்று கணக்குப் பிரிவில் கேட்பார்கள். ஆமாம், சும்மாதான் வைக்க வேண்டும்.