‘தமிழில் ஆர்ட்டிக்கிள் இல்லை’ என்று இனிமேல் சொல்லாதீர்கள்

‘நம்ம பாஷையில எ, ஆன், தி எல்லாம் கிடையாது சார். அதனாலதான் நமக்கு வரமாட்டேங்குது.’ தஞ்சாவூர்ப் பக்கம் இங்கிலீஷ் டியூஷன் எடுப்பவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்லித்தான் பாடத்தை ஆரம்பிக்கிறார்கள். பிள்ளைகளும் நிம்மதியாகத் தலையாட்டுகிறார்கள். வராததற்குக் காரணம் கிடைத்துவிட்டதல்லவா!

முதல் வாக்கியம் உண்மை. தமிழில் அந்த மூன்று சொற்களுக்கு நேரான சொல் கிடையாது. லத்தீனிலும் கிடையாது, ரஷ்ய மொழியிலும் கிடையாது, சமஸ்கிருதத்திலும் கிடையாது. ஆனால் ‘அதனால்தான்’ என்று தொடங்கும் இரண்டாவது வாக்கியத்தோடுதான் என் சண்டை. அந்தச் சொல் நம்மிடம் இல்லையே தவிர, அது செய்யும் வேலை நம்மிடம் இருக்கிறது. நம் வீட்டுப் பாட்டிகள் பிழையில்லாமல் செய்கிற வேலை அது. அதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டது பள்ளிக்கூடம்.

அறுவடை முடிந்த ஒரு நாள், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு விதமாகச் சொல்லலாம். ‘நெல் வித்தேன்.’ ‘நெல்லை வித்துட்டேன்.’ முதலாவதைக் கேட்டால், அவர் அன்று பார்த்த வேலை நெல் விற்பது என்று மட்டும் தெரியும். இரண்டாவதைக் கேட்டால், எந்த நெல் என்று உங்களுக்கே தெரியும்: அவர் களத்தில் குவித்து வைத்திருந்த அந்த நெல், நேற்று நீங்கள் பார்த்த நெல். வித்தியாசம் ஒரே ஓர் ‘ஐ’. இங்கிலீஷ்காரன் முதலாவதற்கு ஒன்றும் போடாமல் ‘பேடி’ என்பான். இரண்டாவதற்கு ‘தி பேடி’ என்பான்.

இன்னொன்று. ‘பெண் பார்க்கப் போயிருக்காங்க’ என்றால் கல்யாணப் பேச்சு; பெண் யாரென்று இன்னும் நமக்குத் தெரியாது. ‘பெண்ணைப் பார்க்கப் போயிருக்காங்க’ என்றால் யாரோ தெரிந்த பெண், ஆஸ்பத்திரியிலோ ஹாஸ்டலிலோ இருக்கிறாள். ‘நடவுக்கு ஆள் தேடுறேன்’ என்பவரும் ‘ஆளைத் தேடுறேன்’ என்பவரும் ஒரே காரியத்துக்காக அலையவில்லை. முதல்வருக்கு யார் வந்தாலும் சரி. இரண்டாமவர் முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல் போனவனைத் தேடுகிறார். துருக்கி மொழியிலும் இதே கதைதான்: செயப்படுபொருளுக்கு உருபு போட்டால் தெரிந்த பொருள், போடாவிட்டால் ஏதோ ஒன்று. ஆகவே இது நம் ஊர் விசித்திரமும் அல்ல.

வேடிக்கை என்னவென்றால், நம் தமிழ் வகுப்பில் இதைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறோம். ‘நெல் விற்றான்’ இரண்டாம் வேற்றுமைத் தொகை. ‘நெல்லை விற்றான்’ விரி. விரியில் வல்லினம் மிகும், ‘மாட்டைக் கட்டினான்’ என்று ‘க்’ போடு, போடாவிட்டால் அரை மார்க் போச்சு. ஒற்றுக்கு அடி வாங்கினோம். ஆனால் அந்த ‘ஐ’ வந்தால் பொருள் எப்படி மாறுகிறது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. இங்கிலீஷ் வகுப்பிலோ ரென் அண்ட் மார்ட்டினைத் திறந்து ஆற்றின் பெயருக்கு முன்னால் ‘தி’, சூரியனுக்கு முன்னால் ‘தி’ என்று பட்டியல் ஒப்பித்தோம். ‘தி காவேரி’, ‘தி வெண்ணாறு’, ஆனால் வெறும் ‘தஞ்சாவூர்’. மனப்பாடமாகி விட்டது. ஒரு நாளில் எத்தனை தடவை நாம் ஆற்றின் பெயரை எழுதுகிறோம்? மாடு, பஸ், வீடு, பணம், டாக்டர், இவைதானே வாழ்க்கை. அதற்கெல்லாம் பட்டியலில் பதில் இல்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? தமிழின் ‘ஐ’ செயப்படுபொருளில் மட்டும்தான் வரும். எழுவாயில் நாம் வாயே திறப்பதில்லை. ‘பஸ் வந்துடுச்சு’ என்றால் நாம் காத்திருந்த பஸ். ‘பஸ் வருது, ஓரமா நில்லு’ என்றால் ஏதோ ஒரு பஸ். இரண்டிலும் வெறும் ‘பஸ்’. சந்தர்ப்பத்தை வைத்துக் கேட்பவர் புரிந்துகொள்வார். இங்கிலீஷ் இந்த நம்பிக்கையை வைப்பதில்லை. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் சீட்டு கேட்கிறது.

நான் பாங்கில் வேலை பார்த்தபோது கறவை மாட்டுக் கடன்கள் நிறையக் கொடுத்தோம். மாட்டுக்குக் காதில் வில்லை மாட்டி இன்ஷூரன்ஸ் செய்வோம். மாடு இறந்தால் கால்நடை டாக்டர் சான்றிதழும், அந்தக் காது வில்லையும், ஒரு கடிதமும் போகவேண்டும். ஒரு விவசாயியின் பையன், பிளஸ் டூ படித்தவன், கடிதத்தை இங்கிலீஷில்தான் எழுதுவேன் என்று எழுதினான். முதல் வரி: உங்கள் பாங்க் கடனில் ‘எ கௌ’ வாங்கினோம். இரண்டாம் வரி: போன வெள்ளிக்கிழமை ‘எ கௌ’ இறந்துவிட்டது.

இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. உங்களிடம் மொத்தம் எத்தனை மாடு? இறந்தது இன்ஷூர் செய்த மாடுதானா?

வில்லை எண் படிவத்தில் இருக்கும்போது இப்படிக் கேட்டது அநியாயம்தான். பணத்தை இழுத்தடிக்க ஒரு சாக்கு. ஆனால் அந்தச் சாக்கை அவர்கள் கையில் கொடுத்தது எது? இங்கிலீஷில் இரண்டாவது தடவையும் ‘எ கௌ’ என்று எழுதினால், படிப்பவன் அதை வேறொரு மாடாகத்தான் எடுத்துக்கொள்வான். அந்தப் பையன் தமிழில் எழுதியிருந்தால், ‘ஒரு மாடு வாங்கினோம், ஒரு மாடு செத்துவிட்டது’ என்று எழுதியிருப்பானா? மாட்டான். ‘ஒரு மாடு வாங்கினோம், மாடு செத்துவிட்டது’ என்றுதான் எழுதியிருப்பான். அவனுக்குத் தெரியாமல் இல்லை. ‘ஒருமையாக இருந்தால் எ போடு’ என்று அவன் தலையில் ஏற்றி வைத்திருந்தார்கள். தெரிந்ததையும் அது கெடுத்துவிட்டது. கடிதத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். பணம் வர இரண்டு மாதம் ஆனது.

பாடப்புத்தகம் ‘குறிப்பிட்ட பொருளுக்கு தி’ என்கிறது. இந்தக் ‘குறிப்பிட்ட’ என்ற சொல்தான் ஆளைக் கவிழ்ப்பது. யாருக்குக் குறிப்பிட்டது? நான் நேற்று ஒரு மாடு வாங்கினேன் என்றால், எனக்கு அது குறிப்பிட்ட மாடுதான். கொம்பு, சுழி எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் இங்கிலீஷில் ‘எ கௌ’தான், ஏனென்றால் உங்களுக்கு அது எது என்று தெரியாது. கேட்பவர் ‘எது?’ என்று கேட்பாரா என்பதுதான் கேள்வி. கேட்க மாட்டார் என்றால் ‘தி’. கேட்பார் என்றால், எண்ணக்கூடிய ஒற்றைப் பொருளுக்கு ‘எ’ அல்லது ‘ஆன்’; நெல், பால், பணம் போல எண்ண முடியாததற்கும் பன்மைக்கும் ஒன்றும் வேண்டாம்.

நான் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற முறை இது. முதலில் இங்கிலீஷைத் தொடாதே. ஐந்து வாக்கியம் தமிழில் எழுது. உதாரணத்துக்கு:

நேற்று தஞ்சாவூர் போனேன். வழியில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். பெரியவர் ஒரு பை வைத்திருந்தார். பையில் நெல் இருந்தது. நெல்லை எனக்குக் காட்டினார்.

இப்போது ஒவ்வொரு பெயர்ச்சொல்லாகப் போகலாம். தஞ்சாவூர் ஊர்ப் பெயர், ஒன்றும் வேண்டாம். ‘ஒரு பெரியவரை’: எந்தப் பெரியவர் என்று கேட்பவருக்குத் தெரியாது, ஆகவே ‘ஆன் ஓல்ட் மேன்’. மூன்றாம் வாக்கியத்தில் அதே பெரியவர், ‘ஒரு’ போய்விட்டது. எழுவாய் என்பதால் தமிழ் வேறு அடையாளம் காட்டவில்லை. இங்கேதான் நம் பிள்ளைகள் வெறுமனே விடுகிறார்கள். அந்த இடத்தில் மனதுக்குள் ‘அந்த’ என்று சேர்த்துச் சொல்லிப் பார். ‘அந்தப் பெரியவர்’ என்று இடிக்காமல் வருகிறதா? அப்படியானால் ‘தி ஓல்ட் மேன்’. பை முதல் தடவை ‘எ பேக்’, அடுத்த தடவை ‘தி பேக்’. நான்காம் வாக்கியத்து நெல் புதியது, எண்ண முடியாதது, வெறும் ‘பேடி’. ஐந்தாவதில் அதற்கு ‘ஐ’ வந்துவிட்டது, ‘தி பேடி’. பையன் எழுதும்போதே நெல்லுக்கு ‘ஐ’ தானாக வந்து விழுந்ததே, யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

‘ஐ’ எல்லா இடத்திலும் காப்பாற்றாது, அதையும் சொல்லிவிட வேண்டும். மனிதர்களைக் குறித்தால் அது பெரும்பாலும் கட்டாயமாக வந்துவிடும். ‘டாக்டரைப் பார்த்தேன்’ என்பது வழக்கமாகப் பார்க்கும் டாக்டராகவும் இருக்கலாம், யாரோ ஒருவராகவும் இருக்கலாம். அங்கே ‘எது?’ கேள்வியைத்தான் கேட்கவேண்டும். ‘ஒரு மாட்டைப் பிடித்து வந்தான்’ என்று ‘ஒரு’வும் ‘ஐ’யும் சேர்ந்து வந்தால் ‘ஒரு’வுக்குத்தான் ஜெயம்: ‘எ கௌ’. ‘அந்த’ சோதனையும் ‘சன்’, ‘மூன்’ போன்றவற்றில் உதவாது. ‘அந்தச் சூரியன்’ என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் எது என்றும் யாரும் கேட்பதில்லை. ‘எது?’ கேள்வி அங்கேயும் வேலை செய்யும்.

எ-யா ஆன்-ஆ என்பதற்கு நம்மிடம் இங்கிலீஷ்காரனிடம் இல்லாத வசதி இருக்கிறது. அடுத்து வரும் சொல்லைக் காதில் கேட்கிறபடி தமிழில் எழுதிப் பார்க்கலாம். உயிரெழுத்தில் தொடங்கினால் ஆன். உயிர்மெய்யில் தொடங்கினால் எ. ‘எம்.எல்.ஏ.’ உயிர், ஆன். ‘யூனிவர்சிட்டி’ உயிர்மெய், எ. ஹெச் என்று தொடங்கும் ‘ஹவர்’ உண்மையில் ‘அவர்’ என்றுதான் ஒலிக்கும், ஆன். ‘ஒன்’ மட்டும் ஏமாற்றும். அதன் ஒலி ‘வன்’, ஆகவே எ. நம்மில் பலர் எம்.எல்.ஏ.வை ‘யெம்மெல்லே’ என்பதால் இந்த வழி தடுக்கிவிடும். முதலில் வாயைத் திருத்த வேண்டும்.

மற்றபடி பயிற்சிக்கு ஒரு பழைய இங்கிலீஷ் பேப்பர் போதும். எட்டுப் பத்து வரிச் செய்தி ஒன்றை நோட்டில் எ, ஆன், தி இல்லாமல் இடம் விட்டு எழுதிவைத்து, பேப்பரை உள்ளே வைத்துவிடுங்கள். மறுநாள் நிரப்பிவிட்டு ஒப்பிடுங்கள். எத்தனை தப்பு என்று எண்ணவேண்டாம், எந்த மாதிரித் தப்பு என்று பாருங்கள். எழுவாயில்தான் ‘தி’ விடுபட்டிருக்கிறது என்றால் தமிழின் மௌனம் இன்னும் கையைப் பிடித்திருக்கிறது. இரண்டாவது தடவை வரும் பொருளுக்கும் ‘எ’ போட்டிருந்தால் அது பள்ளிக்கூடத்துப் பழக்கம். ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’ முன்னால் ‘ஆன்’ போட்டிருந்தால் தமிழ் காரணமல்ல. நாம் ‘ஒரு தகவல்’ என்று எண்ணுவதை இங்கிலீஷ்காரன் நெல் போலக் குவியலாகப் பார்க்கிறான். அந்தச் சொற்களை மட்டும் தனியாக ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். என் நோட்டில் அந்தப் பக்கம் இருபது சொல்லைத் தாண்டவில்லை.