பச்சையா, பசுமையா? பட்டாசுப் பாதுகாப்பு உரைக்கு நேரலை சப்டைட்டில் போட்டால் என்ன ஆகும்?

வெடிபொருள் சட்டத்தில் ‘மேகசின்’ என்றால் வெடிமருந்துக் கிடங்கு. பொது ஆங்கிலத்தில் அது வார இதழ். பட்டாசுப் பாதுகாப்பு பற்றிய ஆங்கில உரை ஒன்றுக்கு நேரலையில் தமிழ் சப்டைட்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘பத்திரிகையிலிருந்து 45 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்’ என்று திரையில் வந்தால் சிவகாசியில் இருப்பவர்கள் சிரித்துவிட்டு, கிடங்கைத்தான் சொல்கிறார்கள் என்று தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

இப்படிச் சிரிப்பு வரவழைக்கும் பிழைகளால் பெரிய ஆபத்து இல்லை. படிக்கச் சரியாகவே இருக்கும் பிழைகள்தான் சிக்கல். உதாரணத்துக்கு ‘கிரீன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே சொல், இரண்டு அர்த்தம்

2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் பிறப்பித்த உத்தரவு, மாசு குறைந்த பட்டாசுகளை மட்டுமே அனுமதித்தது. அவற்றுக்கு ஆங்கிலத்தில் ‘கிரீன் கிராக்கர்ஸ்’ என்று பெயர், தமிழில் பசுமைப் பட்டாசு. அதே உத்தரவு சரவெடியையும், பட்டாசில் பேரியம் உப்புகள் சேர்ப்பதையும் தடை செய்தது.

பேரியம் எதற்குப் பயன்பட்டது? வானில் வெடிக்கும் பேன்சி ரகங்களுக்குப் பச்சை ஒளி கொடுக்க. ரசாயனம் தெரிந்த ஒருவர் ஆங்கிலத்தில் ‘கிரீன் காம்போசிஷன்’ என்றால், பச்சை ஒளி தரும் மருந்துக் கலவையையே பெரும்பாலும் குறிப்பிடுவார். அது பேரியம் கலந்ததாக இருக்கலாம், அதாவது தடை செய்யப்பட்ட பொருள். அதைச் சப்டைட்டில் ‘பசுமைக் கலவை’ என்று எழுதினால், தடை செய்யப்பட்ட கலவை அனுமதிக்கப்பட்ட கலவையாக மாறிவிடும். வாக்கியம் இலக்கணச் சுத்தமாக இருப்பதால் யாரும் சிரிக்க மாட்டார்கள், யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

குளோரேட், பெர்குளோரேட் விஷயமும் இப்படித்தான். பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் லேசான உராய்வில்கூடத் தீப்பிடிக்கும். அதனால்தான் பட்டாசில் அந்தச் சேர்க்கையை மத்திய அரசு 1992-லேயே தடை செய்தது. பொட்டாசியம் பெர்குளோரேட் அந்த அளவுக்குச் சுலபமாகத் தூண்டப்படாது. பேச்சை எழுத்தாக்கும்போது ‘பெர்’ என்ற ஓர் அசை விழுந்துவிட்டால் இரண்டும் இடம் மாறிவிடும்.

இந்தியாவில் இது நடந்திருக்கிறதா?

பாதுகாப்பு உரைகளில் இல்லாவிட்டாலும், வேறு மேடைகளில் நடந்திருக்கிறது. 2023 பிப்ரவரி 21-ம் தேதி, சிவசேனா பிளவு தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் வாதங்களை நேரலையில் எழுத்தாக்கத் தொடங்கியது. நீதிமன்ற அறையின் திரையிலேயே ஆங்கில வரிகள் ஓடின. அந்த எழுத்தை அப்படியே பதிவாக வைத்துக்கொள்ளவில்லை. வழக்கறிஞர்களிடம் கொடுத்துச் சரிபார்த்த பிறகு வெளியிடுவதே ஏற்பாடு.

அதே ஆண்டு டிசம்பர் 17-ம் தேதி வாராணசியில் நடந்த காசி தமிழ்ச் சங்கமத்தில், பிரதமர் மோடியின் இந்தி உரை ‘பாஷினி’ கருவி மூலம் உடனுக்குடன் தமிழில் மாற்றப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் இயர்போன் வைத்துக்கொண்டு கேட்டார்கள். அது குரல் வடிவம், சப்டைட்டில் இல்லை. ஆனாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான்: பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது, எழுத்தை மொழிபெயர்ப்பது, பிறகு வெளியிடுவது.

சிவகாசிக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் தலைமையகமும், பசுமைப் பட்டாசை உருவாக்கிய நீரி ஆய்வு நிறுவனமும் இருப்பது நாக்பூரில். அங்கிருந்து ஒரு நிபுணர் பேசினால் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் பேசுவார். கேட்க வேண்டியவர்களோ வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் மருந்துக் கலவை அறையில் வேலை பார்க்கும் போர்மேன்களும் தொழிலாளர்களும்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஏன் கூடுதல் நேரம்?

இந்தியிலிருந்து தமிழுக்குப் போவது இந்த விஷயத்தில் கொஞ்சம் சுலபம். இரண்டிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். பேசுபவர் போகிற வரிசையிலேயே மொழிபெயர்ப்பும் போகலாம்.

ஆங்கிலம் அப்படி இல்லை. ‘போர்மேன் இல்லாமல் ஷெட்டைத் திறக்கக் கூடாது’ என்பதை ஆங்கிலத்தில் சொல்பவர், ‘திறக்காதே’ என்று முதலில் ஆரம்பித்து, ‘ஷெட்டை’ என்று தொடர்ந்து, ‘போர்மேன் இல்லாமல்’ என்ற நிபந்தனையைக் கடைசியில் வைப்பார். தமிழில் எல்லாமே தலைகீழ். நிபந்தனை முதலில் வர வேண்டும், ‘கூடாது’ கடைசியில் வர வேண்டும். அப்போ ஆங்கில வாக்கியம் முடியும்வரை தமிழ் வாக்கியத்தை ஆரம்பிக்கவே முடியாது. அவசரப்பட்டால் ‘ஷெட்டைத் திறக்காதீர்கள்’ என்று ஒரு வரி போய்விடும். நிபந்தனை அடுத்த வரியில் அநாதையாக நிற்கும். இல்லையென்றால் திரையில் வந்த வரி கண்முன்னே மாறிக்கொண்டே இருக்கும். மாறுகிற எழுத்தை யாராலும் நிம்மதியாகப் படிக்க முடியாது.

ஆக, ஆங்கில உரைக்குத் தமிழ் சப்டைட்டில் என்றால் ஒரு வாக்கியம் அளவுக்காவது தாமதம் இருந்தே தீரும். பிரிட்டன் ஒளிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம், நேரலை சப்டைட்டிலுக்கு நீண்ட காலம் வைத்திருந்த இலக்கு 3 விநாடி. ஆங்கிலப் பேச்சுக்கு ஆங்கில எழுத்து போடுவதற்கே அந்த இலக்கைப் பிடிப்பது கஷ்டம்.

98 சதவீதம் சரி என்றால் போதுமா?

நேரலை சப்டைட்டிலின் தரத்தை அளக்க ஐரோப்பாவில் பரவலாகப் பயன்படுவது ‘என்இஆர்’ முறை. மொத்தச் சொற்களில் இருந்து பிழை மதிப்பெண்களைக் கழித்துச் சதவீதம் போடுவார்கள். சின்னப் பிழைக்கு 0.25, நடுத்தரப் பிழைக்கு 0.5, கடுமையான பிழைக்கு 1. பார்ப்பவர் பிழை என்றே உணராமல் தவறான தகவலை நம்பிவிட்டால், அதுதான் கடுமையான பிழை. 98 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 சொற்கள் கொண்ட ஒரு பகுதியில் ‘பச்சை ஒளிக் கலவை’ ஒரே ஒரு முறை ‘பசுமைக் கலவை’ ஆகிறது, மற்றதெல்லாம் சரி. கழிவது 1 மதிப்பெண், கிடைப்பது 99.9 சதவீதம். தேர்வில் அமோகமாகப் பாஸ். ஆனால், அந்த உரையில் தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான தகவல் தவறாகப் போயிருக்கிறது. செய்திக்கும் விளையாட்டுக்கும் பொருந்தும் சராசரி மதிப்பெண், மருந்துக் கலவை பற்றிய உரைக்குப் பொருந்தாது. இங்கே எத்தனை பிழை என்பதைவிட எந்தச் சொல்லில் பிழை என்பதுதான் கேள்வி.

அப்போ என்ன செய்யலாம்?

முதல் வேலை உரைக்கு முந்தைய நாளே தொடங்குகிறது. பேச்சாளரின் ஸ்லைடுகளை வாங்கி, மாறினால் ஆபத்தாகும் சொற்களை மட்டும் 20, 30 அளவில் பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலில் சிவகாசியின் சொற்கள் இருக்க வேண்டும். ‘காம்போசிஷன்’ என்றால் மருந்து. ‘ஃபியூஸ்’ என்றால் திரி, மின்சார ஃபியூஸ் இல்லை. ‘சார்ஜ்’ என்பது இடத்தைப் பொறுத்து மருந்தின் அளவாகவும் இருக்கும், உடலில் சேரும் நிலை மின்சாரமாகவும் இருக்கும்.

கணினியில் தானாக மாற்றிக்கொள்ளும்படி விட்டுவிட்டால் போதாதா? ‘மேகசின்’ போன்ற சொல்லுக்குப் போதும், ஏனென்றால் இந்த உரையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ‘கிரீன்’ சொல்லுக்குப் போதாது. எது பச்சை, எது பசுமை என்று முடிவு செய்ய, தொழில் தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். முழு உரையையும் அவர் படிக்க வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள சொல் வரும் வரிகள் மட்டும் வேறு நிறத்தில் அவர் முன் வந்தால் போதும்.

அவருக்கு நேரம் எங்கிருந்து கிடைக்கும்? இணையத்தில் பார்ப்பவர்களுக்கு வீடியோவையே சேர்த்துத் தாமதப்படுத்துவதுதான் வழி. யூடியூப் நேரலையில் 30 விநாடி, 60 விநாடி தாமதம் வைக்கும் வசதி இருக்கிறது. 30 விநாடி வைத்தால், பேச்சாளர் வாக்கியத்தை முடித்த 7-வது விநாடியில் தமிழ் வரி தயாராகிறது என்று வைத்தாலும், சரிபார்ப்பவருக்கு 20 விநாடிக்கு மேல் மிச்சம். குரலும் எழுத்தும் ஒன்றாகவே வெளியே போகும். அரை நிமிடம் பின்னால் பார்க்கிறோம் என்பது வீட்டில் போனில் பார்ப்பவருக்குத் தெரியப்போவதும் இல்லை.

அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. பேச்சாளரை நேரில் பார்த்துக்கொண்டு 30 விநாடி பழைய வரியைப் படிக்க முடியாது. கேள்வி-பதில் நேரத்திலும் இதே நிலைதான். அங்கே வரி முதலில் போகும், திருத்தம் பின்னால்தான் வரும்.

தவறு போய்விட்டால்?

ஒரு வரி திரையில் நிற்பது சில விநாடிகள்தான். பிழையைக் கண்டுபிடிப்பதற்குள் அது போய்விடும். அடுத்த வரியிலிருந்து சரியான சொல்லைப் போட்டுக்கொண்டே போனால், பார்ப்பவர் இரண்டும் இரண்டு பொருள் என்று நினைத்துக்கொள்வார். பிரிட்டன் தொலைக்காட்சிகளில் நேரலை சப்டைட்டிலில் தவறு வந்தால், இரட்டைக் கோடு போட்டு உடனே சரியான சொல்லைக் கொடுப்பார்கள். தமிழில் அந்தக் கோட்டுக்குப் பழக்கம் இல்லாததால் சொல்லையே எழுதிவிடலாம்: ‘திருத்தம்: பசுமைக் கலவை அல்ல. பச்சை ஒளி தரும் பேரியம் கலவை. இது தடை செய்யப்பட்டது.’ இந்த வரி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் நிற்க வேண்டும். அதற்காகப் பேச்சின் ஒரு வாக்கியம் விடுபட்டாலும் பரவாயில்லை.

உரை முடிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. நேரலையைப் பார்த்தவர்களைவிட, பிறகு வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவைப் பார்ப்பவர்கள் அதிகமாக இருக்கலாம். சப்டைட்டில் தனிக் கோப்பாக இருந்தால் அதைத் திருத்தி மறுபடி ஏற்றிவிடலாம். படத்தோடு சேர்த்துப் பதித்துவிட்டால் பிழையும் வீடியோவோடு ஊர் சுற்றும். உச்ச நீதிமன்றம் எழுத்தை வெளியிடுவதற்கு முன் வழக்கறிஞர்களிடம் கொடுத்ததுபோல, இங்கே போர்மேன் ஒருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே பதிவை வெளியிடலாம்.

2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் விருதுநகர் மாவட்டத்தில் விபத்துகள் நிற்கவில்லை. ‘மருந்துக் கலவையின்போது உராய்வு’ என்ற காரணம் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. எதை எதோடு கலக்கக் கூடாது என்பதைத் தொழிலாளியின் மொழியில் சொல்லத்தான் இந்தச் சப்டைட்டில். அதில் ‘கூடாது’ என்ற சொல் சரியான பொருளோடு சேர்ந்து வருகிறதா என்று பார்க்க 20 விநாடி தேவைப்பட்டால், அந்த 20 விநாடியை ஒதுக்கத்தான் வேண்டும்.