சனவரிக் காலையில் விரிசல்விடும் கண்ணாடி

வட இந்திய நகரங்களின் கண்ணாடி முகப்புக் கட்டடங்களில், யாரும் தொடாத சன்னல் ஒன்று குளிர்காலக் காலையில் தானாக விரிசல்விட்டால், பழி உடனே கண்ணாடியின் தரத்தின் மீது விழுகிறது. "இன்னும் தடிமனாகப் போடுங்கள்" என்பதே வழக்கமான பரிந்துரை. இப்பரிந்துரை தவறானது என்பது என் கருத்து.

மே மாத நண்பகலில் இல்லாத ஆபத்து சனவரியில் ஏன்? குளிர்காலச் சூரியன் தாழ்ந்து நகர்வதால், தெற்கு நோக்கிய செங்குத்துச் சுவரின் மீது வெயில் நேராக விழுகிறது. நிறமேற்றிய கண்ணாடி அவ்வெப்பத்தை உறிஞ்சி விரைவில் சூடாகிறது. ஆனால் அதன் விளிம்போ அலுமினியச் சட்டத்துக்குள் நிழலில் புதைந்து, இரவின் குளிரைத் தக்கவைத்திருக்கிறது. நடுப்பகுதி 45 பாகையிலும் விளிம்பு 10 பாகையிலும் இருப்பதாகக் கொள்வோம். அகன்ற நடுப்பகுதி விரிய முயல்கிறது. விரியாத குறுகிய விளிம்புப் பட்டையை அது தன்னோடு சேர்த்து இழுக்கிறது. எனவே நடுவில் அமுக்கமும், விளிம்பில் அதன் நீளவாக்கில் இழுவிசையும் தோன்றுகின்றன.

சாதாரணக் கண்ணாடியில் ஒவ்வொரு பாகை வேறுபாடும் விளிம்பில் ஏறத்தாழ 0.63 மெகாபாஸ்கல் தகைவைத் தரும். 35 பாகைக்கு அது 22 மெகாபாஸ்கல். குறையில்லாத கண்ணாடிக்கு இது பொருட்டே அன்று. ஆனால் வெட்டிய விளிம்பு குறையற்றதாய் இருப்பதில்லை. வெட்டுச் சக்கரம் கீறிப் பின் ஒடித்த இடங்களில் நுண்பிளவுகள் நிற்கின்றன. கண்ணாடியின் முறிவுத் திண்மையைக் கொண்டு கணக்கிட்டால், 0.3 மில்லிமீட்டர் ஆழமுள்ள பிளவு ஒன்றே இத்தகைவில் ஓடத் தொடங்கிவிடும். அது கண்ணில் படாத ஒரு சில்லின் அளவுதான்.

இச்சமன்பாட்டில் தடிமன் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். காற்றழுத்தத்தைத் தாங்கத் தடிமன் உதவும். இங்கோ தடித்த நிறக் கண்ணாடி கூடுதல் வெப்பத்தை உறிஞ்சி நிலைமையைக் கெடுக்கவும் கூடும். பணத்தைத் தடிமனில் கொட்டுவதைவிட விளிம்பைச் சாணை பிடித்து மழுப்புவதில் செலவிடலாம். வேறுபாடு மிக அதிகமெனில் டஃபன்டு கண்ணாடியே வழி. அதன் மேற்பரப்பிலும் விளிம்பிலும் முன்கூட்டியே அமுக்கம் பூட்டப்பட்டிருப்பதால், அதைக் கடந்த பின்னரே இழுவிசை தலையெடுக்கும்.

காரணம் வெப்பந்தானா என்பதை விரிசலே சொல்லிவிடும். அது விளிம்புக்கும் கண்ணாடிப் பரப்புக்கும் செங்குத்தாகத் தொடங்கிச் சில சென்டிமீட்டர் நேராக ஓடி, அதன்பின் வளைந்து அலையும். தகைவு குறைவாய் இருந்திருந்தால் ஒற்றைக்கோடு, மிகுந்திருந்தால் கிளைகள். ஒற்றைக்கோடாயின் விளிம்பு முன்பே சேதமுற்றிருந்தது என்று பொருள். வெட்டியவரையும் பொருத்தியவரையும் கேட்க வேண்டும். கிளைகளாயின், பின்னர் ஒட்டிய கறுப்புப் படலத்தையும் உள்ளே நெருக்கமாய்த் தொங்கும் திரையையும் பாருங்கள். படலம் ஒட்டுபவர்களில் எத்தனை பேர் அது எவ்வகைக் கண்ணாடி என்று முதலில் கேட்கிறார்கள்?