சிட்டையில் எழுதப்படாத இருபது கிலோ

யாழ்ப்பாணச் சந்தையொன்றில் பூசணி விற்ற விவசாயி ஒருவரின் சிட்டையைப் பார்த்தேன். நிறை 180 கிலோ, விலை கிலோ 100 ரூபா, மொத்தம் 18,000. தரகு பத்து வீதம் 1,800, நாட்டாமைக் கூலி 400, நிறுவைக் கூலி 200. கையில் கிடைத்தது 15,600.

கணக்கில் பிழையில்லை. பிழை முதல் வரியில் இருக்கிறது. தராசு காட்டியது 200 கிலோ. நூற்றுக்குப் பத்து 'கழிவு' என்று 20 கிலோவைக் கழித்த பின்னரே பேனா சிட்டையைத் தொட்டிருக்கிறது. சிட்டை ஒப்புக்கொள்ளும் கழிப்பனவு 2,400 ரூபா; உண்மையில் போனது 4,400.

அழுகல், ஈரம் என்று காரணம் சொல்கிறார்கள். கீரைக்கு அது பொருந்தலாம். முற்றிய பூசணி தராசிலிருந்து லொறிக்குப் போவதற்குள் பத்திலொரு பங்கு அழுகிவிடுமா? அந்த 20 கிலோவும் விற்கப்படுகிறது, விவசாயியின் பெயரில் அல்ல.

தரகர் உழைப்புக்குத் தரகு பெறட்டும். ஆனால் தராசு காட்டிய நிறையே சிட்டையின் முதல் வரியாக வேண்டும்; கழிவு எடுப்பதாயின் தனி வரியில், ரூபாக் கணக்கில் எழுதப்பட வேண்டும். நிறுத்ததற்குக் கூலி வாங்கிவிட்டு, நிறுத்த நிறையை மறைப்பது எந்த ஊர் நியாயம்?