வினைமுற்றைப் பாருங்கள்

மாணவர் கட்டுரையில் காலம் மாறினால் உடனே சிவப்பு மையால் அடித்துவிடுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் எழுதியதைப் பாருங்கள்:

‘நாங்கள் கல்லணைக்குச் சென்றோம். பாலத்தில் நின்று பார்க்கிறோம். கரிகாலன் கட்டிய அணை இன்றும் காவிரி நீரைப் பிரிக்கிறது. தாத்தா உள்ளுக்குள் அழுதார்.’

தமிழில் சோதிப்பது எளிது. ‘சென்றோம்’ என்பதில் ‘ற்’ இறந்தகாலம், ‘ஓம்’ தன்மைப் பன்மை. காலமும் இடமும் வினைமுற்றிலேயே இருப்பதால், முற்றுகளை மட்டும் பென்சிலால் கோடிட்டு வரிசையாகப் படித்தால் போதும். ‘பார்க்கிறோம்’ காரணமில்லாமல் தாவுகிறது. அது ‘பார்த்தோம்’ ஆகவேண்டும்.

‘பிரிக்கிறது’ அப்படியல்ல. முக்காலத்திலும் ஒரேபோல் நடப்பதை நிகழ்காலத்தில் சொல்லலாம் என்று 13-ஆம் நூற்றாண்டு நன்னூலே அனுமதிக்கிறது. ‘பிரித்தது’ என்று திருத்தினால் இப்போது பிரிக்கவில்லை என்றல்லவா ஆகும்? (பிரெஞ்சில் படித்தவன் நான். அங்கே நடந்ததற்கு ஓர் இறந்தகாலம், அதன் பின்னணிக்கு இன்னொன்று. தமிழ் எவ்வளவோ தேவலை!)

கடைசி வாக்கியத்தின் கோளாறு மட்டும் பென்சிலுக்கு அகப்படாது. காலம் சரி. ஆனால் தாத்தாவின் உள்ளுக்குள் நடந்தது ‘நாங்கள்’ என்று சொல்லும் பையனுக்கு எப்படித் தெரியும்? தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்று எழுதினால் நாமே புரிந்துகொள்ள மாட்டோமா?